கேமரன் மலையில் காப்பி ஏன் சப்பென்று போகிறது? கொதிநீர், அரவை, நேரம் பற்றி ஒரு விளக்கம்

ஈப்போவில் மணக்க மணக்க இறங்கிய அதே காப்பித்தூள், அதே பில்டர், அதே கை. தானா ராத்தாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டால் டிகாஷன் வெளிறிப்போய், குடித்தால் லேசாகப் புளிக்கிறது. மலைக்குக் குடிபோனவர்களும், பள்ளி விடுமுறைக்கு வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்களும் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. தண்ணீர் சரியில்லை என்பார்கள் சிலர். தூள் ஈரம் பட்டுவிட்டது என்பார்கள் வேறு சிலர். தூளை இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கூடுதல் தூள் இல்லாமலே சரிசெய்துவிடலாம்.

தண்ணீர் கொதிப்பது என்றால் உள்ளே உண்டாகும் நீராவி மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதுதான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் அதிகம், அதனால் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் அந்த ஆவிக்கு வெளியேறும் பலம் வரும். மலை ஏற ஏற மேலே இருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் தண்ணீர் 95 டிகிரியில் கொதிக்கும். கீழே ரிங்லெட்டில் 96. பிரிஞ்சாங் மலை உச்சிக்குப் போனால் 93 அளவில்தான் நிற்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொதிக்க ஆரம்பித்த தண்ணீரை இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டாலும் அதன் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும், ஆவியாகப் போகும் வேகம்தான் கூடும். மூடி போட்டாலும் சாதாரணப் பாத்திரத்தில் அதே 95 தான், ஏனென்றால் ஆவி இடுக்கு வழியாகப் போய்விடும். பிரஷர் குக்கரில் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குக்கருக்குள் சூடு 100-ஐயும் தாண்டிப் போகும் என்பது உண்மைதான். ஆனால் அழுத்தம் இறங்காமல் மூடியைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. அழுத்தம் இறங்கும்போதே தண்ணீரும் 95-க்கு வந்துவிடுகிறது. கேஸ்தான் வீண்.

அப்படியானால் 95 டிகிரி காப்பிக்குப் போதாதா? போதும். காப்பித் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக 90 முதல் 96 டிகிரி வரை நல்ல சூடு என்றுதான் சொல்கிறார்கள். ஈப்போவில் கொதித்து இறக்கிய தண்ணீரே பில்டருக்குள் போகும்போது 100 டிகிரியாக இருப்பதில்லை. பிறகு ஏன் மலையில் மட்டும் காப்பி கெடுகிறது? தண்ணீர் 5 டிகிரி குறைவாகக் கொதிப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி, குளிர்ந்து கிடக்கும் பில்டர்.

விடியற்காலையில் தானா ராத்தா வீட்டுச் சமையலறையில் சூடு 18 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எவர்சில்வர் பில்டரின் மேல் அடுக்கும், தூளின்மேல் வைக்கும் குடை போன்ற தட்டும் சேர்ந்து 200 கிராம். தூள் 30 கிராம். ஊற்றுகிற தண்ணீர் 200 மில்லி. 95 டிகிரித் தண்ணீர் உள்ளே போனதும் தன் சூட்டில் ஒரு பங்கைக் குளிர்ந்த இரும்புக்கும் தூளுக்கும் கொடுத்துவிடும். கணக்குப் போட்டால் எல்லாம் சேர்ந்து சுமார் 83 டிகிரியில் வந்து நிற்கிறது. அதே பில்டர், அதே அளவு, ஈப்போவில், அறைச்சூடு 30 டிகிரி, தண்ணீர் 100 டிகிரி என்றால் 89 டிகிரி. இந்த 6 டிகிரி வித்தியாசத்தைத்தான் நாக்கு கண்டுபிடிக்கிறது.

இப்போது தானா ராத்தாவிலேயே, தூளைப் போடுவதற்கு முன் கொதிநீர் ஊற்றி மேல் அடுக்கையும் தட்டையும் 70 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டால்? தண்ணீர் உள்ளே போனபின் 88-ஐத் தாண்டி நிற்கும். ஈப்போவின் 89-க்கும் இதற்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் வராது. காற்றில் போகும் சூட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் எந்தப் பக்கம் கைவைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. மலை பிடுங்கிக்கொண்ட சூட்டில் பெரும் பகுதியை ஒரு டம்ளர் கொதிநீர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மிச்சத்துக்குத்தான் அரவையும் நேரமும்.

பில்டரைச் சூடாக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கொதிநீரை மேல் அடுக்கில் ஊற்றினால் துளை வழியாகக் கீழ் அடுக்குக்கும் இறங்கி இரண்டையும் சூடாக்கும். தட்டையும் அதிலேயே போட்டுவிடுங்கள். ஒரு நிமிடம் விட்டுத் தண்ணீரைக் கொட்டி, மேல் அடுக்கின் உட்புறத்தைத் துணியால் சட்டென்று துடையுங்கள். துடைக்காவிட்டால் தூள் ஈரத்தில் ஒட்டி அடித்துளைகளை அடைத்துக்கொள்ளும். எவர்சில்வர் கையைச் சுடும், துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். தூளைப் போட்டுத் தட்டை வைப்பதற்குள் அடுப்பில் தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஊரில் பலருக்கு, கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றும் பழக்கம் உண்டு. மலையில் அதை விட்டுவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் இங்கே தூள் கருகிப்போகாது.

தானா ராத்தாவில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு இதை நானே உடனிருந்து செய்து காட்டினேன். ஈப்போவில் கடை வைத்திருந்தவர். அங்கே ஒரு பில்டருக்கு 30 கிராம் தூள், 200 மில்லி தண்ணீர். மலைக்கு வந்தபிறகு காப்பி தண்ணியாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்லச் சொல்ல, தூளைக் கூட்டிக் கூட்டி 40 கிராமில் வந்து நின்றிருந்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பில்டர் போடுகிறார். ஒரு தடவைக்கு 10 கிராம் கூடுதல் என்றால் நாளைக்கு 100 கிராம், மாதத்துக்கு 3 கிலோ. சின்னக் கடைக்கு அது சின்னச் செலவில்லை.

இதில் அவர் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது. காப்பித்தூள் தன் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். 30 கிராம் தூள் போட்டால் 60 மில்லி மேலேயே தங்கி, 140 மில்லி டிகாஷன் இறங்கும். 40 கிராம் போட்டால் 80 மில்லி தங்கிவிடும், இறங்குவது 120 மில்லிதான். தூள் கூடிக்கொண்டே போக, டிகாஷன் குறைந்துகொண்டே வந்தது. அப்படிக் கூட்டியும் புளிப்புப் போகவில்லை. ஏன் போகும்? காப்பியில் முதலில் கரைந்து வருவது புளிப்பு. இனிப்பும் கனமும் அதன்பின் வரும். கசப்பு கடைசியில். சூடு போதாத தண்ணீர் புளிப்பை எடுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் கூடுதல் தூளைப் போட்டால் புளிப்பும்தான் கூடும்.

முதல் நாள் வேறு எதையும் தொடாமல், பில்டரை மட்டும் சூடாக்கி, பழையபடி 30 கிராமில் போட்டோம். புளிப்பு பெரும்பாலும் போய்விட்டது. கனம் மட்டும் இன்னும் போதவில்லை.

இரண்டாம் நாள் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினோம். அவரிடம் இருந்தது அரைத்து வாங்கிய தூள், அரவையை உடனே மாற்ற வழியில்லை. அதனால் தூளைச் சமமாகப் பரப்பி, தட்டை வழக்கத்தைவிடச் சற்று அழுத்தி வைத்தோம். முதலில் தூள் நனையும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர், பத்து எண்ணும் நேரம் விட்டு, மீதியை ஒரே ஊற்றாக ஊற்றினோம். மூடி போட்டு, பில்டரைச் சுற்றித் தடித்த துண்டு ஒன்றைக் கட்டிவிட்டோம். முன்பு 15 நிமிடத்தில் இறங்கி முடிந்த டிகாஷன் இப்போது 20 நிமிடம் எடுத்தது. நிறம் கறுத்தது. துண்டு இல்லாமல் நேரத்தை மட்டும் நீட்டியிருந்தால் பயன் பாதிதான், ஏனென்றால் கடைசி ஐந்து நிமிடம் இறங்குவது ஆறிப்போன தண்ணீராக இருக்கும்.

மூன்றாம் நாளுக்கு அவர் தூள் வாங்கும் கடையில் ஒரு படி நைசாக அரைத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்திருந்தார். பில்டர் தூள் விரலில் தேய்த்தால் சீனியைவிட நைசாகவும் மாவைவிடக் கரகரப்பாகவும் இருக்கும். அதில் மாவுப் பக்கம் ஒரே ஒரு படி. தூள் நைசானால் தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது, சூடு குறைந்த தண்ணீரும் உள்ளே புகுந்து எடுக்க முடிகிறது. அன்றைக்கு 25 நிமிடம் ஆனது. பாலில் கலந்தபோது அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு டம்ளர் போட்டுக் குடித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கே எல்லை என்று பார்த்துவிடுவோமே என்று இன்னும் ஒரு படி நைசான தூளிலும் போட்டுப் பார்த்தோம். 40 நிமிடம் கழித்தும் மேல் அடுக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. இறங்கியது கசந்தது, குடித்தபின் நாக்கு உலர்ந்து சொரசொரத்தது. சிக்கரி கலந்த தூளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சிக்கரி தண்ணீரில் ஊறி உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். சிக்கரி அதிகம் உள்ள தூளுக்கு அரவையைத் தொடாமல், சூட்டிலும் துண்டிலும் மட்டும் கைவைப்பது நல்லது.

பில்டரில் அரவையும் நேரமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. நைசாக அரைத்தால் நேரமும் தானாகக் கூடிவிடும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். நாக்கைக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. டிகாஷனில் ஒரு தேக்கரண்டி எடுத்து, பாலும் சீனியும் இல்லாமல், கொஞ்சம் சுடுநீர் கலந்து சுவைத்துப் பாருங்கள். நாக்கின் இரு ஓரமும் கூசினால் இன்னும் சூடோ நேரமோ வேண்டும். கசந்து வாய் உலர்ந்தால் அரவை அதிகம் போய்விட்டது. புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை, மணமும் நன்றாக இருக்கிறது, கனம்தான் இல்லை என்றால் அப்போதுதான் தூள் உண்மையிலேயே குறைவு. அந்த ஒரு நிலைமைக்கு மட்டும் கூடுதல் கரண்டி சரி.

கோப்பிக்கடைகளில் போடும் துணி வடிகட்டிக் காப்பிக்கு வருவோம். அந்தத் தூள் பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தது. கறுக்க வறுத்த கொட்டை உள்ளே பொரிந்து இளகியிருப்பதால் சீக்கிரம் கரையும். அதனால் மலையில் அது பில்டர் காப்பி அளவுக்குப் புளித்துக் காட்டாது, தண்ணியாக மட்டும்தான் தெரியும். இங்கே தூள் தண்ணீருக்குள் ஊறுவதால் அரவையைத் தொடாமலே நேரத்தை நீட்ட முடியும். அது பெரிய வசதி. ஊரில் 5 நிமிடம் ஊறவிடுகிறவர் மலையில் 6, 7 நிமிடம் விட்டுப் பார்க்கலாம். நீண்ட மூக்குக் குவளையை முன்கூட்டியே கொதிநீரால் சூடாக்கி, துணியையும் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமாய்க் குளிர்ந்து கிடக்கும் துணி சூட்டை நன்றாகவே குடிக்கும்.

ஊறும்போதே குவளைக்குக் குவளை தூக்கி ஆற்றுவது பார்க்க அழகு. மலைக்குளிரில் அப்படி உயரத் தூக்கி ஆற்றும் ஒவ்வொரு தடவையும் காற்று சூட்டைக் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். ஒரு தடவை, அதுவும் தாழ்வாகப் பிடித்து, தூள் முழுக்க நனையும்படி ஊற்றி மூடிவிடுங்கள். ஆற்ற வேண்டியதைக் குடிக்கப் போகும் கோப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

தோட்ட வீடுகளில் பழைய முறை ஒன்று உண்டு. பானையில் தண்ணீர் கொதிக்கும்போதே தூளைப் போட்டு, கூடவே கொதிக்கவிட்டு வடிகட்டுவது. அடுப்பில் இருக்கும்வரை பானை ஆறாது. அதனால் மலையில் மற்ற முறைகளைவிட இதற்குச் சிரமம் குறைவு. கெடுவது வேறு விதத்தில். காப்பி இறங்கவில்லை என்று நினைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் மணம் முழுவதும் ஆவியோடு கூரைக்குப் போய்விடும், கசப்பு மட்டும் மிஞ்சும். வீடு முழுக்கக் காப்பி மணந்தால் டம்ளரில் அவ்வளவு குறைவு என்றுதான் அர்த்தம். தூளைப் போட்டு ஒரே ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி, பானைமேல் துண்டைப் போட்டு 6 நிமிடம் விட்டால் போதும். மண்டி அடியில் தங்கியபின் மெதுவாகச் சாய்த்து வடிகட்டுங்கள்.

எலக்ட்ரிக் கேத்தல் பற்றியும் கேட்கிறார்கள். மலையில் அது 95 டிகிரியிலேயே தானாக அணைந்துவிடும், பழுது இல்லை. அந்த மாதிரிக் கேத்தல் பெரும்பாலும் ஆவி பட்டதும் அணையும்படி அமைந்தது, சூட்டின் எண்ணைப் பார்த்து அணைவதில்லை. 100 டிகிரிக்கு வைத்தால் மட்டும் அணையும் டிஜிட்டல் கேத்தலில் கவனம் வேண்டும், மலையில் அது அந்த எண்ணைத் தொடாமலே கொதித்துக்கொண்டிருக்கலாம். அளவை 95-க்கோ அதற்குக் கீழேயோ மாற்றி வையுங்கள். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள், கொதிநீரில் வைத்தால் 95 காட்டுகிறதே என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது உண்மையைத்தான் சொல்கிறது.

பால் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. பாலும் இங்கே சீக்கிரம் பொங்கும், பக்கத்தில் நில்லுங்கள். டிகாஷனைத் திரும்ப அடுப்பில் வைத்துச் சூடாக்காமல், பாலை நன்றாகச் சூடாக்கிக் கலப்பதுதான் வழி. சூடு பிடிக்காத டம்ளரில் ஊற்றினால் பில்டரில் சேமித்த சூடு டம்ளரில் போய்விடும், அதையும் கொதிநீரில் ஒரு முறை அலசிக்கொள்ளுங்கள்.

இப்போது இளைஞர்கள் வெளிறிய நிறத்தில் லேசாக வறுத்த கொட்டையைக் கொண்டுவந்து, காகித வடிகட்டியில் ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்தக் கொட்டை இறுக்கமானது, எளிதில் கரையாது, இயல்பிலேயே புளிப்பு உள்ளது. மலையில் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். அவர்களுக்கு அரவையை இரண்டு படி நைசாக்கினாலும் தகும். வடிகட்டும் நேரம் 3 நிமிடத்திலிருந்து மூன்றரை, 4 நிமிடத்துக்குப் போனால் பயப்பட வேண்டாம். பிரிஞ்சாங் உச்சிப்பக்கம் கூடாரம் போட்டு இதைச் செய்ய நினைப்பவர்கள் கறுக்க வறுத்த தூளை எடுத்துப் போவதே புத்திசாலித்தனம். அங்கே தண்ணீரின் சூடும் குறைவு, காற்றும் சும்மா இருக்காது.

வீட்டில் அரைக்கும் கைமில் வைத்திருப்பவர்கள், மாற்றுவதற்கு முன் பழைய அளவு எந்தக் கோட்டில் இருந்தது என்று ஒரு பேனாவால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து தாப்பா வழியாக இறங்கி வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். மலை அரவையில் ஈப்போ கொதிநீரை ஊற்றினால் மறுநாள் காலையில் கசக்கும்.